உப்புப் போட்ட பாஸ்புத்தகங்கள்

மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை செய்த வங்கி எழுதுவினைஞன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பருத்தித்துறையில் எங்கள் வங்கியின் சேமிப்புக் கணக்கு மேசை என்னுடையது. ஊர் உடுவில். வீட்டில் முட்டைகூட ஏறாது. அப்படிப்பட்டவனைக் கடற்கரைக் கிளைக்கு மாற்றிய பெரியவர் கொழும்பில் எந்த நாற்காலியில் இருந்தாரோ, அந்த நாற்காலி நல்லாயிருக்கட்டும். அவர் அதைச் செய்திராவிட்டால் நல்லம்மாவை நான் கண்டிருக்கமாட்டேன்.

நல்லம்மாவுக்கு ஊர் கற்கோவளம். முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகள், உரத்த சிரிப்பு. வங்கிக்குள் எல்லாரும் கோயிலுக்குள் வந்ததுபோல் குரலைத் தாழ்த்துவார்கள். அவள் மட்டும் வாசலிலேயே, "தம்பி தில்லைநாதன், இருக்கிறீரோ?" என்று கேட்டுக்கொண்டுதான் நுழைவாள். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் அதற்காக அவளை முறைத்துப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். அவள் திரும்பி அவரிடம் சுகம் விசாரித்தாள். மனிதர் பாவம், பதில் சொல்லி முடித்துத்தான் தப்பினார்.

செவ்வாய்க்கிழமை சந்தையில் கருவாடு விற்றுவிட்டு நேரே எங்களிடம் வருவாள். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து மூன்று ரூபாயோ நான்கு ரூபாயோ மேசையில் வைப்பாள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் நிரப்பித் தரும் துண்டில் இடது பெருவிரலை மையில் ஒற்றி அழுத்துவாள். நாலு வருடம் ஒரு செவ்வாயும் தவறியதில்லை. காசு கட்டியபின் ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம் சொல்லுவாள்.

"அவருக்குத் தெரியக்கூடாது, தம்பி."

அவர் என்றால் புருசன் மார்க்கண்டு. பொன்னம்பலம் சம்மாட்டியின் வள்ளத்தில் பங்குக்குத் தொழிலுக்குப் போகிறவர். கடற்கரையில் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருக்கும் முதலாளியைச் சம்மாட்டி என்பார்கள். மார்க்கண்டு குடிகாரருமில்லை, முரடருமில்லை. அவருடைய குற்றம் வேறு.

"கையிலை காசு நிண்டாக் காணும், கேட்டவனுக்கெல்லாம் குடுத்திடுவார். போன வரியம் வலை வாங்கவெண்டு வைச்ச காசை, அடுத்த வீட்டுக்காரன்ரை மாட்டுக்குக் கால் முறிஞ்சதெண்டு தூக்கிக் குடுத்திட்டு வந்து நிக்கிறார். மாடும் செத்துப்போச்சு, காசும் போச்சு. அந்த மாட்டுக்கு அழுதது ஆர்? இந்த மனிசன்!"

இப்படிச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். சொந்தமாக ஒரு மிசின் வள்ளம் வாங்கி, சொல்லாமல் கொள்ளாமல் அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும், அந்த வாய் எவ்வளவு தூரம் பிளக்கிறதென்று பார்க்கவேண்டும். அதுதான் அவளுடைய திட்டம். பத்தொன்பது வருடமாக மற்றவனின் வள்ளத்தில் போய் வருகிற மனிதன் ஒருநாளாவது தன் வள்ளத்தில் ஏறவேண்டுமாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தானாகவே தாழும்.

அறுபத்து நான்காம் ஆண்டு மார்கழிப் புயலை வடமராட்சியில் யாரும் மறக்கமாட்டார்கள். கடல் எழும்பி ஊருக்குள் வந்தது. கற்கோவளத்தில் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். சனங்கள் பள்ளிக்கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் கிடந்து, நாலாம் நாள் வீடு திரும்பிச் சேற்றை அள்ளினார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் அவள் குடும்பம் தப்பியது. ஆனால் தகரப்பெட்டிக்குள் அடியில் ஒளித்து வைத்திருந்த பாஸ்புத்தகம் மூன்று நாள் உப்புத் தண்ணீரில் ஊறிவிட்டது.

ஆங்கில மாதக் கணக்கில் தை பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை. நல்லம்மா வந்தாள். சத்தமில்லாமல் வந்தாள் என்பதே எனக்கு ஏதோ நடந்துவிட்டதென்று சொல்லிவிட்டது. வாழைச்சருகில் சுற்றிய ஒரு பொதியை மேசையில் வைத்து அவிழ்த்தாள்.

கருவாடு என்றே நினைத்தேன். விறைத்து, வளைந்து, வெள்ளை பூத்துக் கிடந்தது. மணமும் அதே மணம்.

"உதென்ன நல்லம்மா அக்கா?"

"புத்தகம், தம்பி."

"எந்தப் புத்தகம்?"

"உங்கடை வங்கிப் புத்தகம்தான். நல்லா நனைஞ்சு போச்சு. பழுதாகிப் போயிடுமெண்டு உப்புப் போட்டு மூண்டு வெயில் காயவிட்டனான்."

எங்கள் வீட்டில் நனைந்த புத்தகத்தை விசிறிக்கு முன்னால் விரித்து வைப்போம். அவள் வீட்டில் எது பழுதாகப் போனாலும் மருந்து உப்புத்தான். அவளில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கங்களைப் பிரிக்கப் பார்த்தேன். பொருபொருவென்று கையோடு வந்தது. பெயரில்லை, இலக்கமில்லை, ஒரு வரி எழுத்துக்கூட இல்லை. மை முழுவதையும் உப்பு குடித்துவிட்டது.

அவளுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, பழுதான புத்தகத்துக்குப் பதிலாக இரண்டாவது பிரதி. மற்றது கணக்குக் கூற்று. கூற்றுத்தான் அவசரம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு மிசின் வள்ளங்கள் வருகின்றனவாம். தவணைமுறையில் கொடுப்பார்கள். கேட்கிற குடும்பத்திடம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயாவது வங்கியில் இருக்கிறதென்று கணக்குக் கூற்றால் காட்டவேண்டும். கடைசி நாள் தை முப்பது, சனிக்கிழமை. அடுத்த முறை எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது.

பெயரைக்கொண்டு கணக்கட்டைகள் இருந்த பெட்டியில் தேடி அவளுடைய கணக்கை எடுத்தேன். பேரேட்டில் எல்லாம் பத்திரமாக இருந்தது. எண்ணூற்று அறுபது ரூபாய் மிச்சம்.

"ஆயிரத்து ஐந்நூறு இல்லையே அக்கா?"

"தெரியும். மிச்சத்துக்குத் தாலிக்கொடி கிடக்கு. கூற்றைக் காட்டினால் சங்கச் செயலாளர் மனமிரங்குவார். நீர் இரண்டையும் தாரும்."

புத்தகமோ கூற்றோ தருவதற்கு ஒரு முறை உண்டு. எழுத்தில் விண்ணப்பம் வேண்டும். அதை நானே தமிழில் எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பழுதான புத்தகத்தை ஒப்படைக்கவேண்டும். ஒப்படைத்தாள், மேசையெல்லாம் உப்பு. மூன்றாவது, கைநாட்டை நாங்கள் வைத்திருக்கும் மாதிரி அட்டையோடு ஒப்பிடவேண்டும். அங்கேதான் சிக்கல். நாலு வருடத்துக்கு முந்திய கைநாட்டே அரைகுறை. இப்போது அவள் வைத்ததில் கோடென்று ஒன்றுமில்லை, கறுப்பாக ஒரு வட்டம்தான். உப்பிலும் மீன்செதிளிலும் கிடந்து அந்த விரல் தேய்ந்துவிட்டது.

எங்கள் முகாமையாளர் சோமசேகரம் வட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாவகச்சேரிக்காரர். சட்டத்தைச் சாப்பாட்டுக்கும் தொட்டுக்கொள்வார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

"ஆளை எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும், தில்லைநாதன். ஆனால் ஊழியர் சாட்சி சொல்ல ஏலாது. புத்தகமும் வாசிக்க ஏலாது, கைநாட்டும் ஒத்துவரேல்லை. இந்தக் கிளையிலை கணக்குள்ள ஒருவர் வந்து, இவவை எனக்குத் தெரியும் எண்டு படிவத்திலை ஒப்பம் வைக்கவேணும். இல்லாட்டில் இவவைத் தெரிஞ்ச ஒரு சமாதான நீதவானிட்டைச் சத்தியக் கடதாசி வாங்கிவரட்டும்."

கற்கோவளத்துச் சனத்தைத் தெரிந்த சமாதான நீதவான் ஒரே ஒருவர். அவர்தான் பொன்னம்பலம் சம்மாட்டி.

"நல்ல கதை!" என்றாள் நல்லம்மா. "அவரின்ரை வள்ளத்தை விட்டிட்டு என்ரை மனிசன் போறதுக்கு, அவரிட்டையே போய் ஒப்பம் கேக்கிறதோ? இரவைக்கிடையிலை ஊரெல்லாம் தெரியும். இவருக்கு முதல் தெரியும்."

"அப்ப கணக்குள்ள ஆரையாவது கூட்டிவாங்கோ."

"எங்கடை பக்கத்திலை ஆருக்குத் தம்பி வங்கிக் கணக்கு? எனக்குத் தெரிய ஒருத்தருமில்லை."

போகும்போது அவள் என்னிடம் சுகம்கூட விசாரிக்கவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மூன்று நாள் கழித்து, பொங்கலுக்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மெலிந்து உயர்ந்த, வெயிலில் கறுத்த ஒரு மனிதர் வந்து மேசைக்கு முன்னால் நின்றார். வெள்ளிக்கிழமைகளில் வந்து காசு கட்டிவிட்டுப் போகிறவர்தான். அதிகம் பேசமாட்டார். புத்தகத்தை நீட்டுவார், நான் பார்த்து எழுதுவேன், பெயர் மனதில் நின்றதில்லை. மடியிலிருந்து ஒரு சருகுப் பொதியை எடுத்து வைத்து அவிழ்த்தார்.

விறைத்து, வளைந்து, வெள்ளை பூத்து. அதே மணம்.

"வலை வைக்கிற வாடிக் கூரைக்கை செருகி வைச்சனான்," என்றார். "புயல் கூரையைக் கொண்டுபோச்சு. புத்தகம் மணலுக்கை கிடந்தது. பழுதாகாமல் உப்புப் போட்டுக் காயவிட்டனான்."

ஒரே கிழமையில் இரண்டு பேருக்கு இந்தப் புத்தி வருமா?

"உங்கடை பேர்?"

"மார்க்கண்டு. கற்கோவளம்."

அட்டையை எடுத்தேன். கந்தையா மார்க்கண்டு, கற்கோவளம், பிள்ளையார் கோயிலடி. பக்கத்தில் மேசையில் கிடந்த மற்ற அட்டையைப் பார்த்தேன். மார்க்கண்டு நல்லம்மா, கற்கோவளம், பிள்ளையார் கோயிலடி. இரண்டு கணக்கும் நாலு வருடமாக என் கையால் ஓடுகின்றன. செவ்வாயில் மனிசி, வெள்ளியில் புருசன். எனக்கு ஒருநாளும் பொறி தட்டவில்லை. என்னைப்போல ஒரு கெட்டிக்காரனை எங்கே தேடுவது?

அவருக்கும் இரண்டாவது பிரதி வேண்டும், கூற்று வேண்டும், முப்பதாம் திகதிக்கு முன்னம் வேண்டும். கணக்கில் எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய். விரலோ கயிறு இழுத்து இழுத்துத் தேய்ந்து, மனிசியின் விரலுக்குக் கொஞ்சமும் குறையாத வட்டம். முகாமையாளர் அதே விதியை அதே வார்த்தைகளில் சொன்னார். சம்மாட்டியிடம் போகமாட்டேன் என்று மார்க்கண்டு தலையாட்டினார். பிறகு மேசைப்பக்கம் குனிந்து மெதுவாக என்னிடம் சொன்னார்.

"ஒரு விசயம், ஐயா. என்ரை மனிசிக்கு உது தெரியக்கூடாது."

நான் இருமினேன். இருமலைத் தவிர வேறு வழியில்லை.

"நல்ல மனிசி," என்றார் அவசரமாக. "அப்பிடிப் பிழையாய் நினையாதேங்கோ. ஆனால் வீட்டிலை காசிருக்கெண்டு தெரிஞ்சால், தங்கச்சியின்ரை மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு, தமையன்ரை பொடியனுக்குக் கலியாணம் எண்டு அள்ளிக் குடுத்திடுவா. குடுக்கிற கை நீளம். அவவுக்கும் இந்தக் கருவாட்டுக் கடகப்பெட்டி சுமக்கிற பாடு தீரவேணும். சொந்த வள்ளம் எண்டால் மீனைக் கரையிலையே விக்கலாம். வள்ளத்தைக் கொண்டுவந்து விட்டிட்டுத்தான் சொல்லுவன்."

"இந்தக் கிளையிலை கணக்குள்ள ஆரையாவது தெரியுமோ?" என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது.

யோசித்தார். நிலத்தைப் பார்த்து, கூரையைப் பார்த்து, நன்றாகவே யோசித்தார்.

"ஒருத்தரையும் தெரியாது, ஐயா."

வேலையில் சேரும் நாளில் ஒவ்வொரு வங்கி ஊழியனும் ஒரு கடதாசியில் ஒப்பம் வைப்பான். ஒருவரின் கணக்கைப் பற்றி மற்றவரிடம் வாய் திறக்கமாட்டேன், தாயானாலும் தாரமானாலும் சொல்லமாட்டேன் என்று. நானும் வைத்தேன். அன்றைக்கு அது பெரிய பாரமாகத் தெரியவில்லை, எனக்கு யாருடைய ரகசியம் தெரியப்போகிறது என்ற எண்ணம். இப்போது பாருங்கள். ஒரே பாயில் படுக்கிற இரண்டு பேர், ஒரே வள்ளத்துக்காக, ஒருவருக்கொருவர் ஒளித்து, எனக்கு முன்னால் வந்து தனித்தனியாகக் கெஞ்சுகிறார்கள். இரண்டு தொகையையும் சேர்த்தால் சங்கம் கேட்ட காசுக்கு மேலே நூற்றைம்பது ரூபாய் நிற்கிறது. அவளுக்கு அவர் சாட்சி, அவருக்கு அவள் சாட்சி. எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

புதன்கிழமை வரை பொறுத்தேன். பிறகு முகாமையாளரின் அறைக்குள் போய் இரண்டு விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முகாமையாளருக்குச் சொல்வதில் குற்றமில்லை. அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார், மறுபடியும் வாசித்தார்.

"சொல்லேலாது," என்றார்.

"தெரியும், ஐயா."

"குறிப்புக் காட்டவும் ஏலாது. கண்ணாலை காட்டவும் ஏலாது. உம்மடை முகத்தையும் கொஞ்சம் அடக்கி வையும்."

"தெரியும், ஐயா. ஆனால் முப்பதாம் திகதி..."

கையைக் காட்டி என்னை நிறுத்தினார். யன்னலால் வெளியே பார்த்தார். விறாந்தையில் வாடிக்கையாளர் குந்தியிருக்கும் நீளமான வாங்கு ஒன்று கிடந்தது. பலகை தேய்ந்து வழுக்கும்.

"தில்லைநாதன், வங்கிக்குள்ளை நடக்கிறது ரகசியம். வாங்கிலை இருக்கிறது ரகசியமோ?"

"இல்லை, ஐயா."

"வங்கி வேறை, வாங்கு வேறை. வாடிக்கையாளர் எத்தினை மணிக்கு வரவேணும் எண்டு சொல்லுறது எங்கடை வேலைதானே. அடுத்த கிழமை, வெள்ளி பத்து மணிக்கு வரச்சொல்லும்."

"ஆரை, ஐயா?"

"நான் ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லையே," என்றார், மறுபடி கோப்பைப் பார்த்துக்கொண்டு.

அந்த மனிதரைப் பற்றி அதுவரை நான் அடித்த பகிடிகளுக்கெல்லாம் அந்த இடத்திலேயே வெட்கப்பட்டேன்.

இருபத்திரண்டாம் திகதி வெள்ளிக்கிழமை வந்த மார்க்கண்டரிடம், வருகிற வெள்ளி பத்து மணிக்கு வாருங்கள் என்றேன். இருபத்தாறாம் திகதி செவ்வாய்க்கிழமை வந்த நல்லம்மாவிடமும் அதே. ஆள் கிடைக்கவில்லையே தம்பி, வந்தென்ன என்றாள். வாருங்கோ என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த களைப்பு எனக்குத்தான் தெரியும்.

தை இருபத்தொன்பது. ஒன்பதே முக்காலுக்கு நல்லம்மா வந்து வாங்கின் ஒரு தலைப்பில் குந்தினாள். பத்துக்கு மார்க்கண்டர் படியேறினார். ஏறியவர் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ இஞ்சை என்ன செய்யிறாய்?"

நல்லம்மாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் அவள் நல்லம்மா அல்லவா.

"நானோ? உள்ளை இருக்கிற தம்பிக்குக் கருவாடு குடுக்க வந்தனான். நீங்கள்?"

"நானோ... மழை வரும்போலை கிடந்தது. ஒதுங்கினனான்."

வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே பரம்பரைச் சைவனான நான். இரண்டு பொய்யையும் கேட்டுக்கொண்டு பேனையைக் கடித்தேன். அவர் வாங்கின் மற்றத் தலைப்பில் குந்தினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதிர்ச்சுவரில் இருந்த நாட்காட்டியை வாசித்தார்கள். இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது.

வரிசைப்படி பெயர் கூப்பிடுவது என் கடமை. எழுந்து வாசலுக்குப் போனேன்.

"கற்கோவளம், மார்க்கண்டு..."

அவளுடைய முழுப்பெயர் மார்க்கண்டு நல்லம்மா. மார்க்கண்டு என்றதும் எனக்கு இருமல் வந்துவிட்டது. சத்தியமாக வேண்டுமென்று நிறுத்தவில்லை. நிறுத்தியதில் சந்தோசம் இல்லையென்றும் சத்தியம் பண்ணமாட்டேன். வாங்கின் இரண்டு தலைப்பிலும் இரண்டு பேர் ஒன்றாக எழும்பினார்கள்.

"உங்களை ஏன் கூப்பிடுகினம்?" என்றாள் அவள்.

"உன்னை ஏன் கூப்பிடுகினம்?" என்றார் அவர்.

என் மேசையில் அன்று காலை இரண்டு விண்ணப்பமும், அவற்றோடு கோர்த்த பழுதான புத்தகங்கள் இரண்டும் இருந்தன. நல்லம்மா எட்டிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவளுக்கு உப்புத் தெரியும்.

"இது என்ரை," என்று ஒன்றைத் தொட்டாள். "அப்ப மற்றது ஆற்றை? உப்புக் கூடிப்போச்சு. உப்பிடிக் கையாலை அள்ளிக் கொட்டிற ஆள் எனக்குத் தெரிய ஒருத்தர்தான்."

மார்க்கண்டர் தலையைச் சொறிந்தார்.

"நீ எவ்வளவு காலமாய்?" என்று கேட்டார்.

"நாலு வரியம். நீங்கள்?"

"நாலு வரியம்."

"என்னத்துக்கு?"

"ஒரு... வள்ளத்துக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் தண்ணீருக்கு எழும்பினேன். கையை எடுத்தாள், வெடித்தது சிரிப்பு. காசுப் பகுதிக்காரர் எண்ணிய நோட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மார்க்கண்டர் முதலில் சுற்றுமுற்றும் பார்த்து வெட்கப்பட்டார். பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. அந்த மனிதர் சிரித்ததை அன்றுதான் முதன்முதல் கண்டேன். கண்ணில் தண்ணீர் வழிய இரண்டு பேரும் என் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. உப்பு மணத்தால் என்று காசுப் பகுதிக்காரரிடம் சொன்னேன்.

அறைக்குள்ளிருந்து முகாமையாளர் படிவங்களோடு வந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"இந்தக் கிளையிலை கணக்குள்ள ஆரையாவது உங்களுக்கு இப்ப தெரியுமோ?" என்று இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"ஓம், ஐயா!" என்றாள் நல்லம்மா.

சட்டப்படி முதலில் ஒருவரை வேறு வழியில் அடையாளம் காணவேண்டும். அடையாளம் தெரியாத இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னால் அது சாட்சியில்லை. சோமசேகரம் அதையும் யோசித்திருந்தார். மார்க்கண்டரின் வலது பெருவிரலையும் பழைய அட்டையில் யாரோ புண்ணியவான் பதித்து வைத்திருந்தான். அந்த விரலில் ஒரு வெட்டுத் தழும்பு. முந்தின வெள்ளிக்கிழமையே வலது விரலை வாங்கி ஒப்பிட்டிருந்தோம். தழும்பு தழும்போடு பொருந்தியது. ஆகவே மார்க்கண்டர் தேறிவிட்டார். இனி அவர் நல்லம்மாவுக்குச் சாட்சி சொல்லலாம்.

முகாமையாளர் படிவத்தை வாசித்தார்.

"விண்ணப்பகாரியை உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?"

"தெரியும்."

"எவ்வளவு காலமாக?"

மார்க்கண்டர் மனிசியைத் திரும்பிப் பார்த்தார். கருவாட்டுக் கடகம் சுமந்து சுமந்து உச்சியில் முடி தேய்ந்திருந்த அந்தத் தலையை, மை பூசிய விரலை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"பத்தொன்பது வரியமாய்த் தெரியுமெண்டுதான் நினைச்சிருந்தனான், ஐயா. இண்டைக்குத்தான் தெரியும்."

நல்லம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"அப்பிடிப் படிவத்திலை எழுதேலாது," என்றார் சோமசேகரம். ஆனால் கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னார். "பத்தொன்பது வருசம் எண்டு எழுதும், தில்லைநாதன்."

எழுதினேன். இரண்டு விரலும் வட்டமாக விழுந்தன. பேரேட்டைப் பார்த்து இரண்டு கூற்றையும் ஒவ்வொரு வரியாக இறக்கினேன். முகாமையாளர் சரிபார்த்து, முத்திரை குத்தி, ஒப்பம் வைத்தார். புதிய புத்தகங்களில் சிவப்பு மையால் 'இரண்டாவது பிரதி' என்று எழுதினேன். பழையவை இரத்துச் செய்யப்பட்டுக் கோப்புக்குள் போயின. அந்தக் கோப்பு வைத்த அலுமாரியை அதன் பிறகு எறும்புதான் ஆண்டது. ஒரே கணக்காக இணைத்துவிடலாமே என்று முகாமையாளர் கேட்டார். வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மறுநாள் காலை சங்கத்தில் நடந்ததை நல்லம்மாவே வந்து சொன்னாள். குடும்பத்திடம் இருக்கவேண்டிய தொகை என்றுதானே அறிவித்தல், இரண்டு கூற்றும் ஒரு குடும்பம்தானே என்று செயலாளர் ஏற்றுக்கொண்டார். பிறகு, வள்ளத்தை யாருடைய பெயரில் பதிவது என்று கேட்டார். அவள் புருசனைக் காட்டினாளாம். அவர் அவளைக் காட்டினாராம். கொஞ்ச நேரம் இழுபறி.

"இவர் சொன்னார், தம்பி... பத்தொன்பது வரியம் ஆரோ ஒரு சம்மாட்டிக்குத் தண்டு வலிச்சிட்டன். இனி வலிக்கிறதெண்டால் என்ரை சம்மாட்டிக்கு வலிக்கிறன் எண்டார். எல்லாருக்கும் முன்னாலை. எனக்கு என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை."

நல்லம்மாவுக்குச் சொல் வராமல் போனது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

மாசியில் வள்ளம் வந்தது. அவள் பெயரிலேயே பதிந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் தவணைக்குக் காசெடுக்க வந்தவளிடம், கணக்கட்டையில் விபரம் ஏதும் மாறியிருக்கிறதா என்று வழக்கப்படி கேட்டேன். இல்லையே தம்பி, அதே வீடு, அதே புருசன் என்றாள். அட்டையை எடுத்துப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் நாலு வருடத்துக்கு முன் என் கையால் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். கருவாட்டுக் கடகத்தோடு முன்னால் நின்றவளைப் பார்த்து அப்படி எழுதியிருக்கிறேன். அதை வெட்டினேன். மேலே 'சம்மாட்டி' என்று எழுதி, மாற்றத்துக்கு ஒப்பம் வாங்க முகாமையாளரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஒப்பம் வைத்தார்.